சாப்பாட்டு மேசைக் கிண்டலை எழுதி வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்து, சங்கப் பொறுப்பிலும் சில வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிபன் பாக்ஸை வைத்தும், உடுப்பை வைத்தும், நெற்றியில் இருப்பதை வைத்தும் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே வரிசையாகப் போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் போய் எழுதி வைக்கணுமா அண்ணாச்சி? நேர்ல சொன்னா நிறுத்திர மாட்டாங்களா?

நிறுத்துகிறவர்களும் உண்டு. முதல் தடவை என்றால் நேரில் சொல்லிப் பாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் சொன்ன தேதியையும், என்ன வார்த்தையில் சொன்னீர்கள் என்பதையும் அன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ஏனென்றால் மூன்று மாதம் கழித்து விசாரணை என்று வரும்போது எதிர்ப்பக்கம் முதலில் சொல்வது, "அவங்களுக்குப் பிடிக்கலைன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது, சொல்லியிருந்தா விட்டிருப்போமே" என்பதுதான். இந்த வாக்கியத்தை நான் கேட்காத விசாரணை கிடையாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கிண்டல் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது. ஒரு நாள் மூக்கைப் பொத்துவது, இன்னொரு நாள் ஒரு சொல், அடுத்த வாரம் ஒரு சிரிப்பு. ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்னால் கேட்கிறவருக்கு "இதுக்கா இவ்வளவு?" என்றுதான் தோன்றும். வரிசையாக எழுதி வைத்தால்தான் அது எப்போது நடக்கிறது, யார் தொடங்குகிறார், யார் இல்லாதபோது நடக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

நான் எழுதித்தான் வச்சிருக்கேன். மேனேஜர் படிச்சிட்டு "இதுல ஒண்ணுமே இல்லையே"ங்கிறார். என்ன தப்பு?

உங்கள் குறிப்பைப் பார்த்தேன். "இன்று மதியம் எல்லாரும் என்னை மதத்தை வைத்து மிகவும் கேவலமாக அவமானப்படுத்தினார்கள். இவர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது." மனசு நொந்து எழுதியது என்று தெரிகிறது, ஆனால் மேனேஜர் சொன்னது ஒரு வகையில் சரி. இதில் நடந்தது எதுவும் இல்லை, நடந்ததைப் பற்றி உங்கள் முடிவு மட்டும்தான் இருக்கிறது. "எல்லாரும்" என்றால் யார்? "கேவலமாக" என்றால் என்ன சொன்னார்கள்?

அதே மதியத்தை உங்களிடம் கேட்டுக் கேட்டு நாம் திரும்ப எழுதியபோது இப்படி வந்தது:

"வெள்ளிக்கிழமை, மதியம் 12.50 இருக்கும். சாப்பாட்டு அறை, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசை. நானும் க, ச, ப ஆகிய மூவரும் இருந்தோம். நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன், கோழி பிரியாணி. க மூக்கைப் பொத்திக்கொண்டு 'என்னம்மா, இன்னைக்கும் மாடா? முக்காட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்தியா?' என்றார். ச சிரித்தார். ப தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன். இரவு 8.30க்கு வீட்டில் எழுதுகிறேன்."

இதில் "கேவலம்" என்ற சொல்லே இல்லை, படிக்கிறவருக்கு அது தானாகத் தெரிகிறது. "இருக்கும்" என்று மணியைப் போட்டதும் சரிதான். சரியாகத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாமல் "சுமார்" என்று எழுதுகிறவர் மற்ற இடத்திலும் உண்மையைத்தான் எழுதியிருப்பார் என்று படிக்கிறவர் நம்புவார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் "அது மாடே இல்லை, கோழிதான்" என்று நாலு வரி வாதாடியிருந்தீர்கள். கோழி என்பது நடந்த உண்மை, ஒரு சொல்லில் இருக்கட்டும். ஆனால் மாட்டுக்கறி கொண்டுவருவது ஏதோ குற்றம் போலவும், நீங்கள் அதைச் செய்யவில்லை என்பது போலவும் வாதாட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. கேள்வி அவர் என்ன சொன்னார் என்பதுதான்.

அவங்க பேசினதை அப்படியே எழுத கூச்சமா இருக்கு. கொஞ்சம் நாகரிகமா மாத்தி எழுதலாமா?

வேண்டாம். நம் ஊர்ப் பேச்சில் மரியாதையும் மரியாதைக் குறைவும் ஒரு எழுத்தில் இருக்கிறது. "வாங்க", "வா", "வாட்டி" மூன்றும் ஒன்றா? கூட வேலை பார்க்கிற ஆண் ஒருவர் உங்களை "ஏட்டி" என்று கூப்பிட்டிருந்தால், அதை "பெண்ணே" என்று திருத்தி எழுதினால் நடந்ததே மாறிப் போய்விடும். "வே" போட்டாரா, "ல" போட்டாரா என்பதையும் விடாமல் எழுதுங்கள். முழு வாக்கியம் நினைவில்லை என்றால் நினைவிருக்கிற சொல்லை மட்டும் மேற்கோளுக்குள் போட்டு, மீதியை "என்ற பொருளில் பேசினார்" என்று வெளியே எழுதுங்கள். மேற்கோளுக்குள் உங்கள் சொந்தச் சொல் ஒன்று கலந்தாலும், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்து இழுப்பார்கள்.

கருவாட்டுக் குழம்பு கொண்டு போனா வாடைங்கிறாங்க. வாடை அடிக்கிறது உண்மைதானே, அதைக் கிண்டல்னு எழுத முடியுமா?

கருவாடு வாடை அடிக்கும், கடற்கரை உவரிக்காரரே ஒப்புக்கொள்வார். ஏசி போட்டு ஜன்னலை அடைத்த அறையில் மைக்ரோவேவில் நெத்திலிக் கருவாட்டைச் சூடு பண்ணினால் அரைமணி நேரம் நிற்கும். "இதை இங்க சூடு பண்ண வேண்டாம்க்கா" என்று ஒருவர் சொன்னால் அது கோரிக்கை. அதைக் கிண்டல் கணக்கில் சேர்த்தால் உங்கள் மற்ற குறிப்புகளின் மதிப்பும் குறைந்துவிடும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் இரண்டு விஷயத்தைப் பார்ப்பேன். ஒன்று, பேச்சு பொருளைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா. "வாடை அடிக்குது" என்பது குழம்பைப் பற்றியது. "உங்க ஆளுகளுக்கு வாடையே தெரியாதோ" என்பது குழம்பைப் பற்றியது இல்லை. இரண்டு, அதே அறையில் வேறொருவர் முட்டைப் பொரியலோ, பூண்டுத் துவையலோ, பெருங்காயம் போட்ட ரசமோ கொண்டுவரும்போது என்ன நடக்கிறது. அவையும் வாடை அடிக்கிறவைதான். அவருக்கு ஒரு வார்த்தையும் இல்லை, உங்களுக்கு மட்டும் உண்டு என்றால் அதையும் தேதியோடு எழுதுங்கள். சில பேருக்கு வாடையே இல்லாத புளிச்சோற்றைத் திறந்தாலும் மூக்கைப் பொத்துவார்கள். அந்த நாள்தான் உங்கள் நோட்டிலேயே முக்கியமான நாள், என்ன சாப்பாடு என்பதைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

சாதிப் பேரைச் சொல்லலை. "உங்க தெருவுல இதைத்தானே திம்பீங்க"ன்னுதான் சொன்னாரு. இதுல சாதி வருமா?

நம் பக்கம் "எந்தத் தெரு" என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குறிப்பில் "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று எழுதக் கூடாது, சொல்லவில்லையே. "உங்க தெருவுல" என்ற சொல்லை அப்படியே எழுதிவிட்டு, அடுத்த வரியில் தனியாக, உங்கள் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தீர்களா, வீட்டுக்கு வந்திருக்கிறாரா, முன்பு ஒரு நாள் "நீங்க என்ன ஆளுக" என்று கேட்டாரா. அந்த வரி இல்லையென்றால் "பொதுவாச் சொன்னேன்" என்று தப்பித்துக்கொள்வார்.

1989ஆம் வருஷத்து பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1) பிரிவின் கீழ், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு மற்றவர் பார்வையில் படும் இடத்தில் அவமதிப்பது தனிக் குற்றம், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம். ஆக, பெயர் சொல்லாததாலேயே முடிந்துபோகவில்லை. ஆனால் சாதியின் காரணமாக இழிவுபடுத்தினார் என்று காட்ட வேண்டும், அதை நாலு பேர் பார்வையில் செய்தார் என்றும் காட்ட வேண்டும். யார் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொல்லி நான் தொணதொணப்பது இதற்குத்தான். இந்தச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேராதவர் செய்தால்தான் பொருந்தும். வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அந்த வழிக்குப் போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் நோட்டைக் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு இல்ல, உடுப்புதான் பிரச்சினை. எப்படி எழுத?

எழுதுகிற முறை அதேதான், கூடுதலாக ஒரு வரி வேண்டும். அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள், அதைப் பற்றி அலுவலகத்தில் ஏதாவது விதி எழுத்தில் இருக்கிறதா?

எங்களிடம் வந்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். பெந்தேகோஸ்து சபைக்குப் போகிற ஒரு அக்கா. பொட்டு இல்லை, தாலி, கம்மல், வளையல் எதுவும் இல்லை. தினமும் காலையில் "என்னக்கா மூளியா வந்து நிக்கீங்க, அண்ணாச்சி நல்லா இருக்காருல்லா?" என்று ஒருவர் கேட்பார். கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு மாதிரி இருக்கும். புருஷன் உயிரோடு இருக்கிறவளிடம் அதைத் தினமும் கேட்டால் எப்படி இருக்கும் என்று குறிப்பில் விளக்க வேண்டியதில்லை. 11 நாள், அதே கேள்வி, அதே ஆள் என்று தேதி போட்டு எழுதினார், அதுவே போதுமாக இருந்தது.

ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கருப்பு வேட்டியில் வருகிறவர், அய்யாவழி நாமம் இட்டு வருகிறவர், தொப்பி போடுகிறவர், புர்கா போடுகிறவர் எல்லாருக்கும் இதேதான். மிஷின் பக்கம் தொங்கும் துணி கூடாது என்று சொன்னால் அது பாதுகாப்பு விதி, கிண்டல் இல்லை. அது எல்லாருடைய துப்பட்டாவுக்கும் வேட்டிக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதா, உங்களுக்கு மட்டுமா என்று மட்டும் பாருங்கள்.

எழுதிக் கொடுத்தா என்னதான் நடக்கும்? நடந்த ஒண்ணைச் சொல்லுங்க.

மேலே பிரியாணி குறிப்பு எழுதிய அந்தத் தங்கச்சியின் கதையையே சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். ஊர் மேலப்பாளையம் பக்கம். பில் போடுகிற பிரிவு. சாப்பாட்டு அறையில் ஒரே நீள மேசை, இரண்டு பந்தி, முதல் பந்தி 12.45க்கு. சாப்பிடும்போது முகத்திரையை எடுக்க வேண்டும் என்பதால் சுவரைப் பார்த்து உட்காருவார். "சுவர்கிட்ட என்ன பேச்சு?" என்று ஆரம்பித்ததுதான், அப்புறம் சாப்பாட்டுக்கு வந்தது.

ஏழு வாரத்தில் 9 குறிப்பு சேர்ந்தது. பேச்சைத் தொடங்கியது ஒன்பதிலும் ஒரே ஆள். அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது வேறு. 9 குறிப்பையும் மேசையில் பரப்பி வைத்து, ஒரு தாளில் கிழமையையும் அன்று இருந்தவர்களையும் மட்டும் எடுத்து எழுதினோம். 6 நாள் வெள்ளிக்கிழமை. ஏன் வெள்ளி? ஸ்டோர் பிரிவில் வயதான ஒரு பாய் இருந்தார், எல்லாரும் மரியாதையாக நடத்துகிற மனிதர், முதல் பந்தியில்தான் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார். மீதி மூன்று நாளில் இரண்டு நாள் அவர் லீவு. அவர் சாப்பிட வந்திருந்த நாளில் நடந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் அவர் கை கழுவப் போயிருந்தபோது.

"சும்மா தமாஷுக்குத்தான் சார், எல்லாரையும்தான் கிண்டல் பண்ணுவோம்" என்று அந்த ஆள் சொன்னபோது, அந்தத் தாள் மேனேஜர் கையில் இருந்தது. பாய் இல்லாத நாளாகப் பார்த்து வருகிற தமாஷ் என்ன தமாஷ் என்று அவர் கேட்டார். பதில் இல்லை. "தமாஷுக்கு" என்று சொன்னதிலேயே பேசியதை ஒப்புக்கொண்டாயிற்று என்பது அந்த ஆளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

எல்லாம் நல்லபடியாகப் போகவில்லை. 9 குறிப்பில் முதல் மூன்றும் நோட்டு வாங்கிய அன்று, நினைவிலிருந்து ஒரே மூச்சில் எழுதியவை. அதில் ஒரு தேதி இரண்டாவது சனிக்கிழமை, அலுவலகமே லீவு. எதிர்ப்பக்கம் அதைத்தான் முதலில் தூக்கிப் பிடித்தது. நல்லவேளை, தங்கச்சி அந்த மூன்றுக்கும் மேலே "இவை நினைவிலிருந்து, இன்று எழுதியவை" என்று போட்டிருந்தார். அந்த ஒரு வரி இல்லையென்றால் மற்ற ஆறையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இன்னொன்று, கேன்டீன் பையன் சொல்லிக் கேட்டது, இவர் நேரில் கேட்கவில்லை. அதைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள், அதுவும் நியாயம்தான்.

முடிவில் அந்த ஆளுக்கு எழுத்தில் எச்சரிக்கை, கூடவே இந்தத் தங்கச்சியை இரண்டாவது பந்திக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பேச்சு வாங்கியவர் இடம் மாற வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? "நான் என் நேரத்திலேயே சாப்பிட விரும்புகிறேன்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். அந்த ஆள்தான் இரண்டாவது பந்திக்குப் போனார்.

பார்த்தவங்க யாரும் சாட்சி சொல்ல வர மாட்டேங்கிறாங்க.

வர மாட்டார்கள்தான், அவர்களும் அதே மேசையில் நாளைக்குச் சாப்பிட வேண்டும். சாட்சி சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். யார் இருந்தார் என்று எழுதுங்கள், போதும். விசாரிக்கிறவர் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்போது, தானாக வராதவர் கேட்டால் சொல்வார். மேலே சொன்ன விசாரணையில் மூன்று பேரைக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், ஒருவர் "கவனிக்கலை" என்றார். முன்கூட்டியே அவர்களிடம் போய் "இப்படிச் சொல்லுங்க" என்று மட்டும் பேசி வைக்காதீர்கள், அது வெளியே வந்தால் உங்கள் நோட்டு குப்பைக்குப் போய்விடும்.

ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணலாமா? வாட்ஸப் குரூப்புலயும் என் டிபனை போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிக்காங்க.

வாட்ஸப்பில் வந்தது உங்களுக்கு நல்லதுதான், அவர்களே எழுதி வைத்துக் கொடுத்துவிட்டார்கள். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முன்னும் பின்னும் உள்ள செய்தி, பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி, வெட்டாமல். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோனை விற்காதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள். கோர்ட்டு வரை போனால் பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும், அதற்கு மூல ஃபோன் கையில் இருப்பது நல்லது.

குரலை ரெக்கார்ட் பண்ணுவது வேறு கதை. சில இடங்களில் உள்ளே ஃபோனே கூடாது, அங்கே ரெக்கார்ட் பண்ணினால் விசாரணை உங்கள் மேல் திரும்பும். நான் நோட்டைத்தான் நம்புவேன். 80 பக்க நோட்டு, பக்க எண் போட்டு, பேனாவில், தாள் கிழிக்காமல். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதுங்கள், ஒயிட்னர் வேண்டாம். அலுவலகக் கம்ப்யூட்டரிலோ அலுவலக மெயிலிலோ எழுதி வைக்காதீர்கள், வேலையை விட்டு நிறுத்தினால் அன்றைக்கே அது உங்களுக்குப் போய்விடும்.

இதை யார்கிட்ட கொடுக்கணும்?

பேச்சில் பாலியல் வாடை இருந்தால், "முக்காட்டுக்குள்ள என்ன இருக்கு" என்று உடம்பைப் பற்றித் திரும்பினால், அது 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிப்பார்கள். புகாரை 6 பிரதியாகக் கேட்பார்கள், அதில் ஒன்று எதிர்ப்பக்கத்துக்குப் போகும். அதனால் நோட்டில் அவருடைய குடும்பத்தைப் பற்றி, சாதியைப் பற்றி நீங்கள் கோபத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதை அவரே படிப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்கத்தோடு காதில் விழப் பேசினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 302ஆவது பிரிவு இருக்கிறது, ஒரு வருஷம் வரை தண்டனை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 298தான் இது. ஆனால் சொல்லிவிடுகிறேன், நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எந்தச் சட்டத்துக்குள்ளும் நேராக அடங்காது. தனியார் அலுவலகத்தில் சாப்பாட்டைக் கிண்டல் பண்ணுவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. அது மேனேஜரிடமோ, குறைதீர் குழு இருந்தால் அதனிடமோதான் தீர வேண்டும். கேன்டீன் ஒப்பந்தக்காரரின் ஆள் பேசினால், ஒப்பந்தக்காரரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் உங்கள் நிர்வாகத்துக்கே எழுதிக் கொடுங்கள். எங்கே கொடுத்தாலும் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு, மூல நோட்டை வீட்டிலேயே வையுங்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாம நானும் திருப்பிப் பேசிட்டேன். அதை எழுதாம விட்டுரலாமா?

எழுதுங்கள். அவர் பேசியதை எழுதிய அதே அளவுக்கு, நீங்கள் சொன்ன சொல்லையும் மேற்கோளுக்குள் போட்டு எழுதுங்கள். மறைத்தால் அதை அவர் சொல்வார், அப்போது அது பெரிதாகத் தெரியும். தங்கச்சியின் ஏழாவது குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "நான் 'உங்க வீட்டு சாம்பார் நாறலையா' என்று கேட்டுவிட்டேன். அவர் மனைவி சமைத்தது, அவரைச் சொல்லியிருக்கக் கூடாது." மேனேஜர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மற்ற எட்டையும் திரும்ப முதலிலிருந்து படித்தார்.